பாஸ்வேர்ட் மாற்றிய பிறகு போனில் மெயில் நின்றுவிட்டால், அக்கவுண்டை அழிப்பதற்கு முன்

கேள்வி: "உப்புவெளியில் சின்னதாக ஒரு கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறோம். எங்கள் சொந்த டொமைன் மெயிலின் பாஸ்வேர்டைப் போன கிழமை கொம்பியூட்டரில் மாற்றினேன். அடுத்த நாளிலிருந்து போனில் மெயில் வரவில்லை. புது பாஸ்வேர்டைச் சரியாகத்தான் போடுகிறேன், பிழை என்கிறது. ரவுட்டரை அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் வருகிறது, பிறகு மறுபடி நின்றுவிடுகிறது. போனில் அக்கவுண்டை அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாமா?"

இப்போதைக்கு அழிக்க வேண்டாம். அழித்துப் போட்டாலும் உங்கள் பிரச்சினை தீராது என்றுதான் நினைக்கிறேன். திருகோணமலை டவுனிலும் சுற்றுவட்டாரத்திலும் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் நெட்வொர்க், மெயில் பார்த்துக் கொடுப்பது பல வருடமாக என் தொழில். நீங்கள் எழுதியதில் எனக்குப் பெரிய துப்பாகப் பட்டது ரவுட்டரைப் பற்றிய அந்த ஒரு வரி. பாஸ்வேர்ட் உண்மையிலேயே பிழை என்றால், ரவுட்டரை எத்தனை தரம் அணைத்துப் போட்டாலும் பிழையாகத்தான் இருக்கும். கொஞ்ச நேரமாவது மெயில் வருகிறது என்றால், போனில் இருக்கிற பாஸ்வேர்ட் சரி, சர்வரும் உயிரோடு இருக்கிறது. நடுவில் வேறு ஏதோ ஒன்று உங்களைத் தடுக்கிறது.

அது என்னவாக இருக்கும் என்று சொல்கிறேன். மெயில் சர்வர்களில், பாஸ்வேர்டை ஊகித்து நுழையப் பார்ப்பவர்களை விரட்டுவதற்கென்று ஒரு காவல் ஏற்பாடு இருக்கும். ஒரே முகவரியிலிருந்து திரும்பத் திரும்பத் தவறான பாஸ்வேர்ட் வந்தால், அந்த முகவரியைக் கொஞ்ச நேரத்துக்கு மறித்துவிடும். இங்கே முகவரி என்பது உங்கள் மெயில் முகவரி இல்லை, உங்கள் இணைய இணைப்புக்கு வெளியில் தெரிகிற ஐபி எண். வீட்டில் ஒரே வைஃபையில் இருக்கிற எல்லாக் கருவிகளுக்கும் வெளியில் தெரிவது அந்த ஒரே எண்தான். பல லினக்ஸ் சர்வர்களில் இருக்கிற fail2ban என்ற காவல் நிரல், யாரும் மாற்றி வைக்காவிட்டால், 10 நிமிடத்துக்குள் 5 தவறு நடந்தால் 10 நிமிடம் மறிக்கும். ஹோஸ்டிங் நிறுவனங்கள் இதைத் தங்கள் விருப்பப்படி கூட்டிக் குறைத்து வைத்திருப்பார்கள், ஒரு நாள் முழுக்க மறிப்பவையும் உண்டு. நம் ஊரில் பெரும்பாலான வீட்டு இணைப்புகளுக்கு நிலையான எண் கிடையாது. ரவுட்டரை அணைத்துப் போட்டால் வேறு எண் கிடைக்கலாம். அந்தப் புது எண் மறிக்கப்படாதது, ஆகவே மெயில் வருகிறது. பிறகு அதையும் மறித்துவிடுகிறார்கள்.

அப்படியானால் தவறான பாஸ்வேர்டை யார் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்? பெரும்பாலும் உங்கள் வீட்டிலேயே, நீங்கள் மறந்துபோன ஏதோ ஒரு கருவி. பழைய பாஸ்வேர்டை நினைவில் வைத்துக்கொண்டு, யாரும் தொடாமலே அது குறித்த நேரத்துக்கு ஒருமுறை சர்வரைத் தட்டிக்கொண்டிருக்கும். பூட்டை மாற்றிய வீட்டில் பழைய திறப்பை வைத்து ஒருவர் கதவை விடாமல் ஆட்டிக்கொண்டிருக்க, காவல்காரர் அந்த வீட்டு ஆட்கள் எல்லோரையுமே வெளியில் நிறுத்திவிட்ட மாதிரிதான் இது. நீங்கள் சரியான திறப்போடு வந்தாலும் வாசலிலேயே மறிக்கிறார்கள்.

பாஸ்வேர்டை மாற்றிய அன்றே நிற்காமல் அடுத்த நாள் நின்றதற்கும் காரணம் உண்டு. ஏற்கெனவே திறந்திருக்கிற இணைப்பை, பாஸ்வேர்ட் மாறியது என்பதற்காகப் பல சர்வர்கள் உடனே அறுத்துவிடுவதில்லை. அடுத்த தரம் புதிதாக உள்நுழையும்போதுதான் கேட்கும். அதனால் சில மணி நேரம் எல்லாம் ஒழுங்காக இருப்பது போலத் தெரியும்.

போன வருட சீசனில் நிலாவெளியில் ஒரு படகுச் சேவைக்காரரிடம் இதே கதைதான். அவருடைய போனில் காலையில் மெயில் வரும், மத்தியானம் நிற்கும். புது பாஸ்வேர்டை எனக்கு முன்னாலேயே எழுத்தெழுத்தாகப் போட்டுக் காட்டினார், பிழை என்றது. போனின் வைஃபையை அணைத்துவிட்டு டேட்டாவில் போட்டதும் அந்த நிமிடமே மெயில் எல்லாம் இறங்கியது. அவருக்கு ஆச்சரியம், எனக்கு அது போதும். பிறகு அலுவலகத்தில் வைஃபையில் இருக்கிற ஒவ்வொன்றாகக் கேட்டோம். கவுண்டர் கொம்பியூட்டர் சரி, மகனுடைய போன் சரி. கவுண்டருக்குக் கீழே தட்டில் ஒரு பழைய டேப்லெட் சார்ஜில் கிடந்தது. வருகிறவர்களுக்குப் புறாத்தீவுப் படங்கள் காட்டுவதற்காக எப்போதோ வாங்கியது. அதில் மெயிலும் போட்டிருந்ததை எல்லோரும் மறந்துவிட்டார்கள். திரையைத் திறந்தால் மேலே உள்நுழைவு அறிவிப்புகள் வரிசையாக நின்றன. அதில் மெயில் அக்கவுண்டை எடுத்துவிட்டு, மறிப்பு விலகும் வரை பொறுத்திருந்தோம். அவருடைய போனில் எதையும் மாற்றவே தேவை வரவில்லை.

உங்கள் வீட்டிலும் இதேதான் என்று இங்கிருந்து சத்தியம் பண்ண முடியாது. ஆனால் அதைக் கண்டுபிடிக்க நல்ல சோதனை ஒன்று இருக்கிறது, காசு செலவும் இல்லை. போனில் வைஃபையை முற்றாக அணையுங்கள். மொபைல் டேட்டாவில் இருக்கும்போது, பிரவுசரில் "Incognito" என்கிற மறைநிலைத் தாவல் ஒன்றைத் திறந்து உங்கள் வெப்மெயில் பக்கத்துக்குப் போங்கள். பல ஹோஸ்டிங்குகளில் அது உங்கள் டொமைன் பெயருக்குப் பின்னால் /webmail என்று போட்டால் வரும். மறைநிலைத் தாவல் ஏன் என்றால், பிரவுசர் பழைய பாஸ்வேர்டைச் சேமித்து வைத்திருந்து அதையே தானாக நிரப்பிவிடும். நட்சத்திரக் குறிகளாகத் தெரிவதால் நமக்குத் தெரியாது. பெட்டிக்குப் பக்கத்தில் கண் குறி இருந்தால் அழுத்தி, எழுத்துகளைக் கண்ணால் பார்த்துப் போடுங்கள். பயனர் பெயர் என்ற இடத்தில் முழு மெயில் முகவரியையும் போட வேண்டும், @ குறிக்கு முன்னால் இருப்பதை மட்டும் போட்டால் பெரும்பாலான இடங்களில் ஏற்காது.

பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பிலோ குறிப்பிலோ எழுதி வைத்து, அங்கிருந்து நகல் எடுத்து ஒட்டுகிறீர்களா? அப்படியானால் கவனம். அந்த இடங்களில் கீபோர்ட் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக மாற்றிவிடும். நகல் எடுக்கும்போது கடைசியில் ஒரு இடைவெளியும் ஒட்டிக்கொண்டு வரும். இரண்டும் கண்ணுக்கு எளிதில் தெரியாது, சர்வருக்கு இரண்டுமே தவறான பாஸ்வேர்ட்தான்.

டேட்டாவில் வெப்மெயில் திறந்துகொண்டால் பாஸ்வேர்ட் சரி என்பது நிச்சயம். இனி அதைப் பற்றி யோசிக்க வேண்டாம். பிறகு அதே பக்கத்தை மூடிவிட்டு, வைஃபையைப் போட்டு மறுபடி முயலுங்கள். டேட்டாவில் திறந்தது வைஃபையில் திறக்கவில்லை என்றால், மறிக்கப்பட்டிருப்பது உங்கள் வீட்டு இணைப்பு என்று ஏறத்தாழ முடிவு செய்யலாம். இந்த இடத்தில் போன் காட்டுகிற வாசகத்தை அதிகம் நம்ப வேண்டாம். சில காவல் நிரல்கள் இணைப்பையே துண்டித்துவிடும், அப்போது சர்வரோடு இணைக்க முடியவில்லை என்று வரும். வேறு சில, இணைப்பை விட்டுவிட்டு, நீங்கள் சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் தவறு என்றே பதில் சொல்லும். ஊகிக்கிறவனுக்குத் துப்புக் கொடுக்கக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். சரியாகப் போட்டும் உங்களுக்குப் பிழை என்று வருவது இதனாலாக இருக்கலாம்.

டேட்டாவிலும் திறக்கவில்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, மாற்றியதாக நினைத்த பாஸ்வேர்ட் உண்மையில் நீங்கள் நினைப்பது இல்லை. மாற்றிய கொம்பியூட்டரின் பிரவுசர் தானாகவே ஒரு பாஸ்வேர்டை உருவாக்கிச் சேமித்துவிட்டதா என்று அதன் பாஸ்வேர்ட் பட்டியலில் பாருங்கள், இது அடிக்கடி நடக்கிறது. ஹோஸ்டிங் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு மெயில் பெட்டியினுடையதை மாற்றியதாக நினைப்பதும் நடக்கிறது. இரண்டும் வேறு வேறு. மற்றது, சர்வர் ஐபி எண்ணை மட்டுமல்லாமல் அந்த மெயில் பெட்டியையே கொஞ்ச நேரம் பூட்டி வைத்திருக்கலாம். அந்தப் பூட்டு எந்த இணைப்பில் வந்தாலும் மறிக்கும். இந்த இரண்டில் எது என்பதை வெளியிலிருந்து பிரித்தறிய முடியாது. ஹோஸ்டிங்காரரின் பதிவேட்டில் மட்டும்தான் அது தெரியும்.

சரி, மறிப்புத்தான் என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது செய்யக் கூடாத வேலை, போனில் பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது. ஒவ்வொரு முயற்சியும் கணக்கில் சேர்ந்து, மறிப்பு நீளக் கூடும். முதலில் வீட்டில் எல்லாவற்றையும் அடக்க வேண்டும். அந்த மெயில் ஒருகாலத்திலாவது போடப்பட்டிருந்த கருவிகளை ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் போன், துணைவருடைய போன், முன்னால் வேலை செய்த பிள்ளையுடைய போன், வரவேற்பு மேசைக் கொம்பியூட்டரில் இருக்கிற அவுட்லுக் அல்லது தண்டர்பேர்ட், மாற்றிவிட்டு மேசை இழுப்பறையில் போட்ட பழைய போன், டேப்லெட். கடவுச்சீட்டு ஸ்கேன் எடுத்து மெயிலில் அனுப்புகிற பிரிண்டர் இருந்தால் அதையும் எழுதுங்கள். அதற்குள்ளும் அந்த மெயிலின் பாஸ்வேர்ட் சேமித்திருக்கும், யாருக்கும் அது ஞாபகத்தில் வராது.

எதையாவது விட்டுவிட்டோமோ என்று சந்தேகமாக இருந்தால், ரவுட்டரின் பக்கத்துக்குள் போய் இணைந்திருக்கிற கருவிகளின் பட்டியலைப் பாருங்கள். முகவரி ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கிற தாளில் இருக்கும். விடுதி என்றால் விருந்தினர்களுடைய போன்களும் அந்தப் பட்டியலில் வரும், அவற்றை விடுங்கள். உங்களுக்குத் தெரியாத பெயரோடு இரவு பகலாக இணைந்தே இருப்பது எது என்பதுதான் தேட வேண்டியது.

பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் வைஃபையிலிருந்து எடுத்துவிடுங்கள், அல்லது அணைத்துவிடுங்கள். சில செயலிகள் ஒருமுறை மறுக்கப்பட்டதும் நின்று, பாஸ்வேர்ட் கேட்டு அறிவிப்புக் காட்டும். சில விடாமல் ஓடும். ஆண்ட்ராய்டில் ஜிமெயில் செயலிக்குள் இந்த மாதிரி மெயில் போட்டிருந்தால், வழக்கமாக 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கும்படி இருக்கும். அப்படி இரண்டு மூன்று கருவிகள் ஒன்றாகத் தட்டி, இடையில் நீங்களும் திரையை இழுத்து இழுத்துப் புதுப்பித்தால், 10 நிமிடத்தில் 5 என்பது ஒரு எண்ணிக்கையே இல்லை.

அப்புறம் காத்திருக்கலாம், அல்லது ஹோஸ்டிங்காரரிடம் சொல்லி எடுக்கச் சொல்லலாம். சீசன் நடக்கிற நேரம் முன்பதிவு மெயில்கள் தேங்கி நிற்குமென்றால் சொல்லிவிடுவதுதான் நல்லது. சொல்லும்போது "மெயில் வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால், கேள்வியும் பதிலுமாக ஒரு நாள் போய்விடும். வீட்டு வைஃபையில் இருக்கிற ஒரு கருவியில் what is my ip என்று தேடினால் உங்கள் எண் வரும். கவனமாக வைஃபையில் இருந்துதான் பார்க்க வேண்டும், டேட்டாவில் பார்த்தால் வேறு எண் வரும். அந்த எண்ணையும், மெயில் முகவரியையும், கடைசியாகப் பிழை வந்த நேரத்தையும் எழுதி, இந்த எண் மறிக்கப்பட்டிருக்கிறதா, எந்த மெயில் பெட்டிக்கான தவறான உள்நுழைவால் மறிக்கப்பட்டது, அது உள்ளே வருகிற மெயிலுக்கான முயற்சியா வெளியே போகிற மெயிலுக்கான முயற்சியா என்று கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைத்தால் குற்றவாளியைப் பாதி பிடித்த மாதிரி. வெளியே போகிற மெயிலுக்கு மட்டும் முயற்சி நடந்திருந்தால், பிரிண்டரைப் பாருங்கள்.

மறிப்பு நீங்கியதும் உங்கள் போனை மட்டும் முதலில் கொண்டு வாருங்கள். நீங்கள் ஆண்ட்ராய்டில் ஜிமெயில் செயலி பாவிக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். மேலே இடது பக்கம் இருக்கிற மூன்று கோட்டை அழுத்தி, கீழே "Settings" போய், உங்கள் டொமைன் மெயிலின் பெயரைத் தொடுங்கள். கடைசி வரை இறங்கினால் "Incoming settings", "Outgoing settings" என்று இரண்டு இருக்கும். பலர் முதலாவதில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு வந்துவிடுகிறார்கள். உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் பாஸ்வேர்ட் தனித்தனியாகச் சேமிக்கப்படுகிறது. இரண்டாவதை விட்டுவிட்டால் மெயில் வரும், ஆனால் நீங்கள் எழுதுகிற பதில்கள் "Outbox" இல் தேங்கி நிற்கும். அதோடு அந்தத் தேங்கிய மெயிலை அனுப்புவதற்காக போன் பழைய பாஸ்வேர்டோடு மறுபடி மறுபடி முயன்று, உங்களைத் திரும்பவும் மறிக்க வைக்கும். ஆகவே இரண்டிலும் மாற்றுங்கள். "Outgoing settings" இல் "Require sign-in" என்பது போட்டிருக்க வேண்டும். போர்ட் எண்களைத் தொட வேண்டாம். முன்பு வேலை செய்தது என்றால் அவை சரியாகத்தான் இருக்கின்றன. பார்த்துக்கொள்ள விரும்பினால், உள்ளே வர 993, வெளியே போக 465 அல்லது 587 என்று இருப்பது வழக்கம்.

ஐபோன் என்றால், புதிய பதிப்புகளில் "Settings" இல் "Apps", அதில் "Mail", அதில் "Mail Accounts" என்று போக வேண்டும். பழையவற்றில் "Mail" நேராகவே இருக்கும். அங்கேயும் வெளியே போகிற சர்வரின் பாஸ்வேர்ட் "SMTP" என்ற வரிக்கு உள்ளே இன்னும் ஒரு படி தள்ளி ஒளிந்திருக்கும். அதைத் தேடிப் போய் மாற்றுங்கள்.

மாற்றியதும் இரண்டு மெயில் அனுப்பிப் பாருங்கள். உங்கள் சொந்த ஜிமெயில் போன்ற வெளி முகவரிக்கு ஒன்று, அங்கிருந்து இங்கே பதில் ஒன்று. போனதும் வந்ததும் சரி என்றால் ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். பிறகு பட்டியலில் இருக்கிற கருவிகளை ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றிலும் இரண்டு பாஸ்வேர்டையும் மாற்றியபின், வைஃபைக்குக் கொண்டு வாருங்கள். ஒன்றைக் கொண்டு வந்ததும் மறுபடி நின்றால், அதுதான் ஆள். இனிப் பாவிக்காத கருவிகளில் மெயிலை நீக்கிவிடுங்கள்.

நீக்குவதற்கு முன் ஒன்று பார்க்க வேண்டும், நீங்கள் கேட்ட கேள்விக்கும் இதுதான் நேரடிப் பதில். "Incoming settings" இல் அல்லது சர்வர் பெயரில் IMAP என்று இருந்தால், மெயில்கள் சர்வரில் இருக்கின்றன. போனிலிருந்து அக்கவுண்டை எடுத்தாலும் திரும்பப் போட்டதும் வந்துவிடும். POP3 என்று இருந்தால், அந்தக் கருவி மெயிலை இறக்கியதும் சர்வரிலிருந்து அழித்திருக்கலாம். அக்கவுண்டை நீக்கினால் அவற்றின் ஒரே பிரதியும் சேர்ந்து போய்விடும். பழைய கவுண்டர் கொம்பியூட்டர்களில் இது அதிகம். ஐமேப் என்றாலும் "Outbox" இல் போகாமல் நிற்கிற மெயில்கள் அந்தப் போனில் மட்டும்தான் இருக்கும். அவற்றின் வாசகத்தை எடுத்து வேறெங்காவது வைத்துவிட்டு நீக்குங்கள்.

இதைப் படிக்கிற வேறு யாருக்காவது மெயில் @gmail.com என்று முடிந்தால், இந்தக் கதை பொருந்தாது. அங்கே போனில் சேமித்திருப்பது பாஸ்வேர்ட் இல்லை, உள்நுழைந்தபோது கூகுள் கொடுத்த ஒரு அனுமதி. பாஸ்வேர்ட் மாறியதும் அது செல்லாமல் போகலாம், போன் மறுபடி உள்நுழையச் சொல்லிக் கேட்கும், புதியதைப் போட்டால் சரி. வேறு மெயில் செயலியில் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் போட்டிருந்தவர்கள், கூகுள் பாஸ்வேர்டை மாற்றியதும் அது ரத்தாகிவிடும் என்பதால் புதிதாக ஒன்று எடுக்க வேண்டும். ஹொட்மெயில், அவுட்லுக் தனிநபர் மெயில்களில், வெறும் பாஸ்வேர்டைக் கொடுத்து ஐமேப் வழியாக நுழைவதை மைக்ரோசாஃப்ட் 2024 செப்டம்பர் 16 முதல் நிறுத்திவிட்டது. அங்கே பழைய அக்கவுண்டில் பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பயனில்லை. எடுத்துவிட்டு, செயலியில் "Outlook" என்ற தெரிவைத் தொட்டு, மைக்ரோசாஃப்ட் பக்கம் வழியாகச் சேர்க்க வேண்டும்.

மறுபடி உங்களிடம் வருகிறேன். போனில் மெயில் சரியானதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள், உங்கள் வெப்சைட்டில் இருக்கிற "எங்களைத் தொடர்புகொள்ள" படிவத்தைப் பாருங்கள். சில வெப்சைட்டுகளில் அந்தப் படிவம் உங்கள் மெயில் பெட்டியின் பாஸ்வேர்டைப் பாவித்துத்தான் மெயில் அனுப்புகிறது. வேர்ட்பிரஸ் தளங்களில் இதற்கென்று ஒரு பிளகின் போட்டிருப்பார்கள், அதற்குள் இப்போதும் பழைய பாஸ்வேர்ட் இருக்கும். வருகிறவர் அறை கேட்டு எழுதுவார், சில தளங்களில் நன்றி என்றும் காட்டிவிடும், உங்களுக்கு ஒன்றும் வராது. பிழை அறிவிப்பு உங்கள் போனில் எங்குமே தெரியாது என்பதால், இது மாதக் கணக்கில் கவனிக்கப்படாமல் போகக் கூடும். நீங்களே ஒருதரம் அந்தப் படிவத்தை நிரப்பி அனுப்பிப் பாருங்கள். வரவில்லை என்றால் தளம் செய்து கொடுத்தவரிடம், படிவத்தின் எஸ்எம்டிபி பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்று சொல்லுங்கள். பிளகின் பதிவில் 535 என்று தொடங்குகிற ஒரு வரி இருந்தால் அது பாஸ்வேர்ட் மறுப்புத்தான். தளம் வேறு சர்வரில் இருந்தால், அது உங்கள் வீட்டு இணைப்பை மறிக்க வைக்காது, ஆனால் மெயில் பெட்டியையே பூட்ட வைக்கலாம். டேட்டாவிலும் வைஃபையிலும் ஒரே மாதிரி விட்டுவிட்டு நிற்கிறது என்றால் எனக்கு முதல் சந்தேகம் இதன் மேல்தான் வரும்.

ஏன் பாஸ்வேர்டை மாற்றினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. யாரோ உள்ளே புகுந்திருக்கலாம் என்ற சந்தேகத்தில் மாற்றியிருந்தால், இன்னும் ஒரு வேலை இருக்கிறது, அதைத் தள்ளிப்போடக் கூடாது. வெப்மெயிலின் செட்டிங்ஸில் "Filters", "Forwarders" என்ற இடங்களைத் திறந்து பாருங்கள். சில ஹோஸ்டிங்குகளில் இவை வெப்மெயிலில் இல்லாமல் ஹோஸ்டிங் கணக்கின் பக்கத்தில் இருக்கும். புகுந்தவர்கள் வழக்கமாக, வருகிற மெயிலின் பிரதி தங்களுக்கும் போகும்படி அங்கே ஒரு வரி எழுதிவிட்டுப் போவார்கள். பாஸ்வேர்டை மாற்றினால் அந்த வரி அழிவதில்லை. அது இருக்கிற வரைக்கும் உங்கள் முன்பதிவுகளையும், வங்கிக் கணக்கு எண் எழுதி நீங்கள் பெறும் பதில்களையும் அவர்கள் படித்துக்கொண்டேயிருக்கலாம். உங்களுக்குத் தெரியாத முகவரி எதுவும் அங்கே இருந்தால், முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பிறகு அதை அழியுங்கள், அதன் பிறகு பாஸ்வேர்டை இன்னொரு தரம் மாற்றுங்கள். இந்த முறை மாற்றுவதற்கு முன்னாலேயே, தாளில் எழுதி வைத்த கருவிகள் எல்லாவற்றையும் வைஃபையிலிருந்து எடுத்துவிடுங்கள்.